கிடங்கு வாசலில் லாரி வரிசை குறைய...

‘‘எங்கள் குழுவின் கிடங்குக்கு உர லாரிகள் காலையிலேயே மொத்தமாக வந்து காத்துக் கிடக்கின்றன. என்ன வழி?’’
- வாசகர், பாகூர்.

‘‘லாரி வாசலுக்கு வந்தது முதல் வெளியேறும் வரை ஆகும் நேரத்தைச் சில நாள்கள் குறித்து வையுங்கள். தார்ப்பாய் அவிழ்ப்பது, மூட்டை எண்ணுவது எல்லாம் இதில் சேரும். உதாரணமாக, 200 மூட்டை இறக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால், காலை 9, 11, மதியம் 2 என மூன்று லாரிகளுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். முதல் லாரி சற்றுப் பிந்தினாலும் இடையில் உள்ள அரை மணி நேரம் அதை ஈடுகட்டும்.

மாலை 4 மணியைக் காலியாக விடுங்கள். மிகவும் தாமதமாக வரும் லாரிக்கு அந்த நேரம்தான். சொன்ன நேரத்துக்கு வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது. மதிய லாரி தினமும் காத்திருந்தால், இடைவெளி போதவில்லை என்று அர்த்தம்.’’