நகைக்கடன் ரசீது: 12% வட்டி 18% ஆவது எப்படி?

‘மாதம் 1% வட்டிதான்’னு சொல்லித்தான் நகையை வாங்குவாங்க. ரசீதில் உள்ள வட்டி அட்டவணையைப் பாருங்க. உதாரணமாக, 30 நாளுக்குள் வட்டி கட்டினால் ஆண்டுக்கு 12%, 90 நாள் ஆகிவிட்டால் 18% என்றிருக்கும். பல நிதி நிறுவனங்களில் இந்த 18% முதல் நாளிலிருந்தே கணக்காகும். ஒரு லட்சம் கடனுக்கு 3 மாத வட்டி 3,000 அல்ல, 4,500 ரூபாய். இதைக் கவுன்ட்டரிலேயே சொல்வதுதான் நியாயம்.

கெடு தேதிக்குள் வட்டியை முழுசா கட்டி மறு அடகு வைக்கலாம். தவறினால், ஏல நோட்டீஸ் ரசீதில் உள்ள முகவரிக்குத்தான் போகும். வீடு மாறினால் உடனே தெரிவியுங்க. ஏலம் போனாலும், பாக்கி போக மிஞ்சும் பணத்தை உங்களிடமே திருப்பித் தரணும். இது ரிசர்வ் வங்கி விதி. கணக்கு கேட்டு வாங்குங்க.