தரம் ஆறில் படித்த அகரவரிசை எங்களை அகராதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை

"பின்வரும் சொற்களை அகரவரிசைப்படுத்துக." இந்தக் கேள்வியைச் செய்யாமல் பள்ளிக்கூடம் முடித்த ஆள் எங்களுக்குள் இருக்க வாய்ப்பில்லை. அம்மா, ஆடு, இலை, ஈட்டி, உரல் என்று ஐந்து சொல்லைக் கலைத்துப் போடுவார்கள். அதை நேராக்கி எழுதினால் முழுப்புள்ளி. ஆனால் அதே பிள்ளையின் கையில் ஒரு தடித்த தமிழ் அகராதியைக் கொடுத்து, 'கற்றான்' என்ற சொல்லுக்குப் பொருள் பார் என்று சொல்லிப் பாருங்கள். கனபேர் பக்கங்களைச் சும்மா புரட்டிவிட்டு "இதில இல்லை" என்று மூடி வைப்பார்கள். கம்பஸுக்கு வந்த பிறகும் இதே கதைதான். பிள்ளைகளில் பிழை இல்லை. அந்தப் பயிற்சி சோதிப்பது ஒன்று, அகராதி கேட்பது வேறொன்று.

முதலில் அந்தப் பயிற்சியைப் பார்ப்போம். அது பெரும்பாலும் சொல்லின் முதல் எழுத்தோடு முடிந்துவிடும். தமிழில் முதல் எழுத்தை வைத்து மட்டும் அடுக்கினால் வரிசையின் கஷ்டமான பகுதி வரவே வராது. ழ, ள, ற, ன, ண ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்குவதில்லை. ஆகவே ஒரு பிள்ளை இந்த எழுத்துகளின் இடம் தெரியாமலே நூறு பயிற்சி செய்து நூறிலும் சரி வாங்கலாம். அகராதிக்குள் போனதும் நிலைமை தலைகீழ். அங்கே முதல் எழுத்து ஒரு நிமிஷ வேலைதான். இரண்டாம், மூன்றாம் எழுத்தில்தான் தேடல் நடக்கிறது, இந்த எழுத்துகள் நிறைந்திருப்பதும் அங்கேதான்.

ஆங்கில வகுப்பில் 'கைட் வேர்ட்ஸ்' படிப்பித்திருப்பார்கள். பக்கத்தின் தலையில் அச்சிட்டிருக்கும் இரண்டு சொற்கள் அவை. ஒன்று அந்தப் பக்கத்தின் முதற்சொல், மற்றது கடைசிச் சொல். தமிழில் வழிகாட்டிச் சொல் என்கிறோம். சில அகராதிகளில் முழுச்சொல் இராது, முதல் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் இருக்கும். வேலை ஒன்றுதான்: நான் தேடும் சொல் இந்த இரண்டுக்கும் நடுவில் வருமா, முன்னுக்கா, பின்னுக்கா என்று பக்கத்தை வாசிக்காமலே முடிவெடுக்கலாம்.

ஒரு பக்கத்தின் தலையில் 'கடலை', 'கடுகு' என்று இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் தேடுவது 'கடிதம்'. முதல் எழுத்து மூன்றிலும் க. இரண்டாம் எழுத்துகள் ட, டி, டு. உயிர்மெய்யின் வரிசை ட, டா, டி, டீ, டு என்று போவதால் டி நடுவில் விழுகிறது. ஆகவே கடிதம் இந்தப் பக்கத்தில் இருக்கவேணும். 'கதவு' என்றால் இரண்டாம் எழுத்து த. அது ட, ண இரண்டுக்கும் பின்னால் வரும், முன்னோக்கிப் புரட்ட வேணும். 'காகம்' என்றால் இன்னும் நிறையத் தூரம். ககரத்தில் தொடங்கும் சொற்கள், கனவு வரைக்கும், எல்லாம் முடிந்த பிறகுதான் கா தொடங்கும்.

இதே பக்கத்தில் நின்றுகொண்டு 'கட்டில்' தேடுங்கள். இப்போது சிக்கல். இரண்டாம் எழுத்து ட், புள்ளி வைத்தது. புள்ளி எழுத்து எங்கே வரும் என்பதில் அகராதிகளுக்குள் ஒரே வழக்கம் இல்லை. ட் முதலில் வந்து பிறகு ட, டா, டி என்று போகும் முறை உண்டு. அந்த முறையில் கட்டில் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது, பக்கத்தைத் திருப்பிப் போகவேணும். ட தொடங்கி டௌ வரை எல்லாம் முடிந்தபின் ட் வரும் முறையும் உண்டு. அப்படியென்றால் கட்டில் முன்னால், கடை, கடோரம் எல்லாம் தாண்டி இருக்கிறது. தமிழில் எத்தனை சொல்லுக்கு இரண்டாம் எழுத்து மெய்யெழுத்து என்று யோசித்துப் பாருங்கள். அக்கா, அப்பா, பட்டம், வண்டி, கல்வி. ஆங்கில அகராதியில் இந்தப் பிரச்சினைக்கு இடமே இல்லை. அதனால் ஆங்கில வகுப்புப் பாடத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் போதாது. புதிய அகராதியொன்றைக் கையில் எடுத்ததும் செய்யவேண்டிய முதல் வேலை அரை நிமிஷம்தான் எடுக்கும்: 'அக்கா', 'அகம்' இரண்டையும் தேடி, எது முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். அந்தப் புத்தகத்தின் முறை தெரிந்துவிடும்.

மெய் வரிசையை மனப்பாடம் செய்யாமல் விளங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று ஒவ்வொரு வல்லினமும் தன் மெல்லினத்தோடு சோடியாக வருகிறது. பிறகு ய ர ல வ ழ ள என்று ஆறு இடையினம். கடைசியில் மிச்சமிருக்கும் வல்லின மெல்லினச் சோடி, ற ன. இவ்வளவும்தான். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் வழமையாக இதற்கும் பிறகு. இதை விளங்கின பிள்ளைக்கு, 'ர'வும் 'ற'வும் காதுக்குக் கிட்டக் கிட்ட இருந்தாலும் வரிசையில் எட்ட எட்ட நிற்பது தெரியும். 'அரை' இருக்கும் இடத்தில் 'அறை' கிடைக்காது. எங்கட பேச்சில் ழகரமும் ளகரமும் கலந்துபோகும். எழுத்து நிச்சயம் இல்லாத சொல்லென்றால் ல, ழ, ள மூன்று இடத்திலும் பார்க்கத்தான் வேணும்.

இப்போது 'கற்றான்'. இதை வரிசைப்படி தேடினால் 'கற்' வரைக்கும் ஒழுங்காகப் போவீர்கள். அங்கே அது இராது. பொருள் இருப்பது 'கல்' என்ற வினையடியில். 'கல்'லுக்கும் 'கற்'றுக்கும் நடுவில் கவிதை, கழனி, களவு எல்லாம் நிற்கின்றன. நின்றான் என்பதற்கு நில், கேட்டான் என்பதற்கு கேள், வந்தது என்பதற்கு வா. பெயர்ச்சொல்லிலும் அப்படித்தான், 'மரத்தை' என்று தேடினால் கிடைக்காது, 'மரம்' என்று போகவேணும். ஆகவே வரிசை தெரிவதற்கு முன்னால் சொல்லை அதன் அடிக்குக் கொண்டுபோகத் தெரியவேணும். பகுபத உறுப்பிலக்கணம் என்று பகுதி, விகுதி, இடைநிலை எல்லாம் பிரித்துப் படிக்கிறோமே, அதற்கு ஒரு நேரடிப் பயன் இதுதான். ஆனால் இலக்கணப் பாடமும் அகராதிப் பாடமும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதே இல்லை.

"ஏன் இவ்வளவு கஷ்டம், போனில தட்டினா வருந்தானே" என்று கேட்பீர்கள். தட்டுவதற்கும் அடிச்சொல்லும் சரியான எழுத்தும் வேணும். அதைவிட, கணினி தமிழை எப்போதும் சரியாக அடுக்கும் என்ற நம்பிக்கையே பிழை. யூனிக்கோட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. அங்கே ன என்பது ந-வுக்கு அடுத்த எண். ற, ர-வுக்கு அடுத்தது. ள, ழ இரண்டும் ல-வுக்குப் பின்னால், வ அதற்கும் பிறகு. தமிழ் வரிசை தெரியாத மென்பொருள் இந்த எண்ணைப் பார்த்து அடுக்கிவிடும். எங்கட ஊர்ப் பெயர்களிலேயே சோதித்துப் பார்க்கலாம். சரியான வரிசை இது: மட்டக்களப்பு, மயிலிட்டி, மருதங்கேணி, மல்லாகம், மன்னார், மானிப்பாய். எண்படி அடுக்கினால் மன்னார் மேலேறி மட்டக்களப்புக்கு அடுத்ததாக வந்து நிற்கும். ஒரு புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவில் இப்படி நடந்தால், மன்னாரைக் கடைசியில் தேடுகிற வாசகருக்கு அந்தப் புத்தகத்தில் மன்னாரே இல்லை. இனி ஒரு சொல்லடைவைத் திறந்தால் ன வரும் சொல் ப-வுக்கு முன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது மனிசர் சரிபார்க்காத அடைவு.

நூலகத்திலும் ஒரு தமிழ்ப் பிரச்சினை உண்டு. கா. சிவத்தம்பியின் புத்தகத்தைத் தேடுகிறவர் 'கா'வில் போய் நிற்பார். தமிழ் முதலெழுத்து பெயருக்கு முன்னால் வருவதால் வரும் குழப்பம் இது. பட்டியலில் அவர் 'சிவத்தம்பி, கா.' என்று சி-யில் இருப்பார். மு. தளையசிங்கம் த-வில். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும், ஆனால் சொல்லிக்கொடுப்பதில்லை.

பழைய நிகண்டுகளை இங்கே நினைக்கலாம். அவை செய்யுளாக இருந்தன, தேவர் பெயர், மக்கள் பெயர் என்று பொருள் வாரியாக இருந்தன. பாடமாக்கியவருக்குத் தேடத் தேவையில்லை. 1594 இல் வந்த அகராதி நிகண்டு சொற்களை முதல் எழுத்தின்படி அடுக்கியது. 1732 இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. 1842 இல் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் அகராதி அச்சானது. பாடமாக்காத ஆளும் சொல்லைக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இந்த மாற்றத்தின் சாரம். அகரம் ஆதியாக அடுக்கியதால்தான் அதற்கு அகராதி என்றே பெயர். எங்கள் வகுப்பறை அந்த வரிசையைத் திரும்பவும் பாடமாக்கும் பொருளாக்கி வைத்திருக்கிறது, புத்தகம் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஒரு பாடவேளை, நாற்பது நிமிஷம். நாலு பேருக்கு ஒரு அகராதி. இல்லாவிட்டால் ஒரே அகராதியின் நாலு பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்தாலும் போதும். முதலில் அக்கா, அகம் சோதனை. பிறகு வழிகாட்டிச் சொல் இரண்டைப் பலகையில் எழுதி, பத்துச் சொல்லுக்கு "முன்னுக்கா, இதிலயா, பின்னுக்கா" என்று மட்டும் கேட்பது. அந்தப் பத்தில் பாதிக்காவது ற, ன, ழ, ள நடுவில் வரவேணும், இரண்டாவது திரிந்த வினையாக இருக்கவேணும். கடைசியாக ஒவ்வொரு குழுவும் சொல்லைக் கண்டுபிடித்துப் பக்க எண்ணைச் சொல்லவேணும். பரீட்சையிலும் அந்த ஐந்து சொல்லுக்குப் பதிலாக இப்படி ஒரு கேள்வி வரலாம்: 'கழனி', 'களிறு' என்ற வழிகாட்டிச் சொற்களுக்கிடையில் வருவது எது? கலை, கவிதை, களவு, கறி. விடை தெரிந்த பிள்ளைக்கு அகராதி திறக்கும்.