இடது காதில் சத்தமில்லை

ஆன்லைனில் 1,499 ரூபாய்க்கு வாங்கிய வயர்லெஸ் இயர்பட்ஸ், நாற்பதே நாளில் இடது பக்கம் ஊமையாகிவிட்டது. வாங்கியவர் விற்பனையாளருக்கு எழுதிய முதல் கடிதம் மூன்றே வரி: மட்டமான பொருள், ஏமாற்றிவிட்டீர்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ‘ரீசெட் செய்து பாருங்கள்’ என்று பதில் வந்தது. செய்தார்; சரியாகவில்லை. அடுத்து, ‘வலையைச் சுத்தம் செய்து பாருங்கள்’ என்றார்கள். பத்து நாள் இப்படியே ஓடியது.

இதை வெறும் இழுத்தடிப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு பக்கம் சத்தம் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. காதுக் குறும்பி வலையை அடைத்திருந்தால் சத்தம் சிறுகச் சிறுகத்தான் குறையும். உலர்ந்த மென்தூரிகையே போதும். போனின் அணுகல்தன்மை அமைப்பில் இடது-வலது சமநிலைக் கோடு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கலாம். அப்படியானால் வேறொரு போனில் இணைத்தால் இரண்டு பக்கமும் கேட்கும். கேஸில் வைத்ததும் இடது பட்டின் விளக்கு எரியவில்லையா? சார்ஜ் முனையையோ பேட்டரியையோதான் சந்தேகிக்க வேண்டும். போனோடு இணைகிறது, பேட்டரி அளவும் காட்டுகிறது, சத்தம் மட்டும் இல்லையென்றால், வலையும் சுத்தமாக இருக்கும்பட்சத்தில், உள்ளிருக்கும் சின்னஞ்சிறு ஒலிபெருக்கி பழுதாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

அவருடைய இரண்டாவது கடிதம் இங்கிருந்துதான் தொடங்கியது. ஆர்டர் எண், டெலிவரி தேதி, பழுது தெரிந்த தேதி. வலையைச் சுத்தம் செய்தாயிற்று, ரீசெட் செய்தாயிற்று, இரண்டு போன்களில் சோதித்தாயிற்று, இணைகிறது, சத்தமில்லை. ஒரு நிமிட வீடியோவும் பில்லும் இணைப்பில். கோரிக்கை ஒன்றே ஒன்று: ஓராண்டு வாரண்டியின்படி மாற்றுப் பொருள். ‘சோதித்துப் பாருங்கள்’ என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு எதுவும் மிச்சமில்லை.

கடிதத்தை அவர் சாட் பெட்டியில் போடவில்லை. குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு அனுப்பினார். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்த அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டாக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். சாட்டில் பேசுகிறவர்கள் இதை வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை!

‘ஏழு நாளில் திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது’ என்று வாங்கியவருக்குப் பதில் வந்தது. அந்த ஏழு நாள் தளம் வகுத்துக்கொண்ட கணக்கு. அது முடிந்ததால் வாரண்டி முடிந்துவிடாது. பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. இதைப் பதிலில் ஒரு பத்தியாக எழுதி, தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு தம் மாவட்ட ஆணையத்திலும் முறையிடப்போவதாகச் சேர்த்தார். வெற்று மிரட்டல் அல்ல. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தம் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

இரண்டாவது கடிதம் அனுப்பிய பதினோராம் நாள் மாற்றுப் பொருள் வந்தது. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்த அவர், முதலில் இடது காதில்தான் மாட்டிப் பார்த்தார்.