திரும்பி வராத விமானங்களையும் எண்ணுவோம்

சென்ற ஆண்டு வரை எங்கள் அறிவியல் கூடத்தின் கதவருகே ஒரு சுவரொட்டி இருந்தது. ‘எஸ்.பி.எம். சாதனையாளர்களின் பத்துப் பழக்கங்கள்’ என்பது அதன் தலைப்பு. அதைத் தயாரித்தவன் நான்தான். ஒவ்வோர் ஆண்டும் சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவர்களிடம் “எப்படிப் படித்தீர்கள்?” என்று கேட்டு, அவர்கள் சொன்னதைத் தொகுத்திருந்தேன். பட்டியலில் முதலில் இருந்தது, ‘அதிகாலை நான்கு மணிக்கு எழுவது’.

படிவம் ஐந்து மாணவி ஒருத்தி அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றினாள். முன்னோட்டத் தேர்வில் அவளுக்குப் புள்ளிகள் குறைந்தன. தாளை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தவள், “சார், நீங்க ஒட்டுன எல்லாத்தையும் செஞ்சேன். எனக்கு மட்டும் ஏன் வரல?” என்று கேட்டாள்.

‘எனக்கு மட்டும்’ என்ற சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை. அவளுக்கு மட்டும்தானா என்பது எனக்கே தெரியாது. நான்கு மணிக்கு எழுந்தும் புள்ளிகள் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அறிவியல் ஆசிரியரான நானே ஒரு பழைய பிழையைச் செய்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. அந்தப் பிழைக்கு ‘சர்வைவர்ஷிப் பயஸ்’ என்று பெயர். தமிழில் ‘எஞ்சியோர் சாய்வு’ எனலாம். எஞ்சி நிற்பவர்களை மட்டும் பார்த்து, காணாமல் போனவர்களைக் கணக்கில் விட்டுவிடுவதால் நம் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

மாணவர்களே, இதை நன்றாக விளக்கும் நிகழ்வு இரண்டாம் உலகப் போரில் நடந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க இராணுவத்திற்கு உதவ ஒரு புள்ளியியல் ஆய்வுக் குழு இயங்கியது. அதில் ஆப்ரகாம் வால்ட் என்ற கணித அறிஞர் இருந்தார். எதிரியின் குண்டடி பட்ட போர் விமானங்களில் எந்தப் பகுதி மிகவும் பலவீனமானது என்று அவர் கண்டறிய வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ, தளத்துக்குத் திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைக் கணக்கு மட்டுமே. விழுந்த விமானங்கள் எதிரி மண்ணிலோ கடலிலோ கிடந்தன. அவற்றை யாரும் போய்ப் பார்க்க முடியாது.

இதற்கான வழிமுறையை வால்ட் 1943இல் எழுதினார். அதில் அவர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்ட எண்களையே நாமும் பார்ப்போம். 400 விமானங்கள் தாக்குதலுக்குச் செல்கின்றன. 380 திரும்புகின்றன, 20 திரும்பவில்லை. திரும்பியவற்றில் 320 விமானங்களில் ஒரு கீறல்கூட இல்லை. மீதி 60 விமானங்களில், 32 ஓர் அடியும், 20 இரண்டு அடிகளும், 4 மூன்று அடிகளும், 2 நான்கு அடிகளும், 2 ஐந்து அடிகளும் வாங்கியிருக்கின்றன. பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 102 அடிகள்.

திரும்பி வந்தவற்றை மட்டும் பார்க்கும் ஒருவர் என்ன சொல்வார்? “102 அடிகள் விழுந்தும் ஒரு விமானமும் விழவில்லை. ஆகவே குண்டடியால் ஆபத்தே இல்லை” என்பார். அவருடைய தரவில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் முடிவு முழுத் தவறு. விமானத்தை வீழ்த்திய அடி எதுவும் அந்தத் தரவுக்குள் வரவே முடியாது என்பதை அவர் மறந்துவிட்டார்.

இப்போது காணாமல் போன 20 விமானங்களையும் சேர்த்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் குறைந்தது ஓர் அடி வீழ்த்தியிருக்க வேண்டும். ஆக, விமானத்தை வீழ்த்திய அடிகள் 20, வீழ்த்தாதவை 102. மொத்தம் 122இல் 20 என்றால் ஏறத்தாழ 16 விழுக்காடு. ஆனால் விழுந்த விமானங்களில் சில, கடைசி அடிக்கு முன்பே ஓரிரு அடிகளைத் தாங்கியிருக்கும். வால்டின் சமன்பாடு அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவருக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ 15 விழுக்காடு. அதாவது 100 அடிகளில் 15 அடிகள் விமானத்தை வீழ்த்தும். விழுந்த விமானம் ஒன்றைக்கூடப் பார்க்காமல், அவற்றின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அவர் இதைக் கண்டுபிடித்தார்.

அடுத்த கேள்வி, எந்தப் பகுதி பலவீனமானது? இதை வகுப்பில் நாங்கள் விளையாட்டாகச் செய்வோம். 40 தாள்களில் விமானப் படம் வரைந்து, ஒவ்வொன்றையும் இயந்திரம், உடல், இறக்கை, வால் என நான்கு சம பகுதிகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு தாளுக்கும் பகடையை உருட்டுவோம். ஒன்று விழுந்தால் இயந்திரத்தில் அடி, இரண்டு என்றால் உடலில், மூன்று இறக்கையில், நான்கு வாலில். ஐந்தோ ஆறோ விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். இயந்திரத்தில் அடிபட்ட தாளுக்கு மட்டும் நாணயத்தைச் சுண்டுவோம். தலை விழுந்தால் அந்தத் தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவோம்.

ஒவ்வொரு பகுதியிலும் சுமார் 10 அடிகள் விழும். இயந்திரத்தில் அடிபட்டவற்றில் ஏறத்தாழ பாதி கூடைக்குப் போய்விடும். மீதித் தாள்களைப் பலகையில் ஒட்டினால் உடலில் 10, இறக்கையில் 10, வாலில் 10, இயந்திரத்தில் வெறும் 5 ஓட்டைகள்தாம் இருக்கும். எங்கே கவசத் தகடு பொருத்தலாம் என்று அடுத்த வகுப்பு மாணவர்களைக் கேட்டால், பலரும் ஓட்டைகள் மிகுந்த இடங்களைத்தான் காட்டுவார்கள். பிறகு கூடையைக் கவிழ்த்துக் காட்டுவேன். கசங்கிய ஒவ்வொரு தாளிலும் அடி இயந்திரத்தில்தான் இருக்கும்.

வால்டின் முறையும் இதே வழியில்தான் செல்கிறது. திரும்பிய விமானங்களில் ஒரு பகுதியில் எதிர்பார்த்ததைவிடக் குறைவான ஓட்டைகள் இருந்தால், அங்கே அடிபட்டவை திரும்பவில்லை என்று பொருள். ஆனால் இங்கே ஒரு நிபந்தனை உண்டு. ‘எதிர்பார்த்தது’ எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். வெகு தொலைவிலிருந்து சுடுபவர் விமானத்தின் ஒரு பகுதியை மட்டும் குறிவைப்பது கடினம். அதனால் அடிகள் அந்தந்தப் பகுதியின் பரப்பளவுக்கு ஏற்ப விழும் என்று எடுத்துக்கொள்ளலாம். எதிரி வாலை மட்டும் குறிபார்த்துச் சுடுகிறான் என்றால் கதை வேறு. அப்போது இயந்திரத்தில் ஓட்டைகள் குறைவாக இருப்பது எதையும் நிரூபிக்காது. இணையத்தில் உலவும் சிவப்புப் புள்ளிகள் நிறைந்த விமானப் படம் இந்த நிபந்தனையைச் சொல்வதில்லை. அந்தப் படம் பிற்காலத்தில் வரையப்பட்டது. வால்ட் எழுதியவை அட்டவணைகளும் சமன்பாடுகளும்தாம்.

வால்டின் முடிவு நம் தமிழ் மண்ணோடு தொடர்புடையது என்பது பலருக்குத் தெரியாது. 1950இல் சொற்பொழிவுகளுக்காக இந்தியா வந்திருந்த அவரும் அவர் மனைவியும் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தனர்.

காணாமல் போனவற்றின் எண்ணிக்கையும் தெரியாவிட்டால் என்ன ஆகும்? 1987இல் நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் இருவர், உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்து சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்த பூனைகளுக்குக் காயங்கள் குறைவாக இருந்தன. விழும் வேகம் ஓர் எல்லையை எட்டிச் சீரானதும் பூனை உடலைத் தளர்த்திக்கொள்கிறது என்று அவர்கள் விளக்கம் தந்தார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யார் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? வால்டுக்கு 20 என்ற எண் தெரியும். மருத்துவமனைக்கு வராத பூனைகள் எத்தனை என்பது இங்கே தெரியாது. எனவே அந்தத் தரவை மட்டும் வைத்து, உயரத்திலிருந்து விழுவதே பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

என் சுவரொட்டி இந்தப் பூனைக் கணக்கைப் போன்றதுதான். ஒரு பள்ளியில் 100 மாணவர்கள் தேர்வு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள் 10 பேர். அவர்களில் 8 பேர் நான்கு மணிக்கு எழுந்தவர்கள். இது பெரிய சான்று போலத் தோன்றும். மற்ற 90 பேரில் 72 பேரும் நான்கு மணிக்கே எழுந்திருந்தால்? அதுவும் பத்துக்கு எட்டுதான். அப்படியென்றால் இரு பிரிவினருக்கும் வேறுபாடே இல்லை. மாறாக, 90 பேரில் 18 பேர் மட்டும் எழுந்திருந்தால் அது பத்துக்கு இரண்டு. அப்போதுதான் அந்தப் பழக்கத்தை மேலும் ஆராய ஒரு காரணம் கிடைக்கிறது. இந்த இரண்டு நிலைகளிலும் என் சுவரொட்டி எழுத்து மாறாமல் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். அதாவது, அது எதையுமே சொல்லவில்லை.

பிரத்தியேக வகுப்புகளின் பதாகைகளையும் இப்படியே பாருங்கள். ‘எங்களிடம் படித்து 9ஏ பெற்றோர்’ என்று பன்னிரண்டு முகங்கள் சிரிக்கும். அங்கே சேர்ந்தவர்கள் பதினைந்து பேரா, முந்நூறு பேரா? பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர்? அந்த எண்கள் இல்லாமல் பதாகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சாதனையாளர்களைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வால்டும் திரும்பி வந்த விமானங்களைத்தான் ஆராய்ந்தார். ஆனால் திரும்பாத இருபதையும் சேர்த்து எண்ணினார். நம் பள்ளிகள் தன்முனைப்பு உரைக்கு வென்றவர்களை மட்டுமே மேடையேற்றுகின்றன. அதே வழியில் முயன்று வெற்றி பெறாதவர்களிடமும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் குரல் கேட்காததால்தான், புள்ளி குறைந்த ஒவ்வொரு மாணவரும் ‘எனக்கு மட்டும்’ என்று நினைத்துக் குறுகிப்போகிறார்.

சுவரொட்டியைக் கழற்றிவிட்டேன். இந்த ஆண்டு முன்னோட்டத் தேர்வு முடிந்ததும் வகுப்பில் எல்லாருக்கும், ஒருவர் விடாமல், பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு தாள் கொடுத்தேன். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், பழைய கேள்வித்தாள்கள் எத்தனை செய்தாய், எத்தனை புள்ளி வாங்கினாய் என்று நான்கு கேள்விகள். ஒரு வகுப்பின் தரவு மிகச் சிறியது. அதை வைத்து இன்னொரு பட்டியல் போடமாட்டேன். ஆனால் நான்கு மணிக்கு எழுந்தும் புள்ளி குறைந்தவர்கள் இருக்கிறார்களா என்று இனி யாராவது கேட்டால், எண்ணிப் பார்த்துப் பதில் சொல்ல என்னிடம் தாள்கள் இருக்கின்றன.