பாறை விலகிய பின் பாட்டு: முகாம் தீயின் அருகே ஓர் உரை

கோடை விடுமுறை முகாம்களில் இஷாத் தொழுகை முடிந்ததும் தீ மூட்டி, பிள்ளைகளை வட்டமாக அமர்த்திக் கதை சொல்லும் வழக்கம் நம் சமுதாயத்திலும் பரவி வருகிறது. இது சாரணர் இயக்கத்தின் கொடை. 1907ஆம் ஆண்டு பிரவுன்சி தீவில் சிறுவர்களுக்கு முகாம் நடத்திய பேடன் பவல், மறு ஆண்டு எழுதிய நூலின் பகுதிகளுக்கு 'முகாம் தீக் கதைகள்' என்றே பெயரிட்டார். ஒரு கதை, ஒரு பாட்டு, ஒரு பாடம் என்பதே இவ்வுரையின் நல்ல வடிவம். ஆனால், சொல்லப்படும் கதை ஒரு ஹதீஸாக இருக்கும்போது தலைவரின் பொறுப்பு கூடிவிடுகிறது என்பதே நம் கருத்து.

ஓமலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். கிழக்கே சேர்வராயன் மலை கருநிழலாய்த் தெரிகிறது. குகையில் சிக்கிய மூவரின் வரலாற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இடம்பெற்ற ஹதீஸ் அது. குகையின் வாயைப் பாறை அடைத்துக்கொள்ள, உள்ளே இருந்த மூவரும் தத்தம் நற்செயல் ஒன்றைச் சொல்லி அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். பாறை சிறிது சிறிதாக விலகியது.

இங்கேதான் முதல் சோதனை. பிள்ளைகளின் கண்கள் விரிவதைக் கண்டதும், மூவருக்கும் பெயர் சூட்டவும், இல்லாத உரையாடலைப் புனையவும் நாவு துடிக்கும். கற்பனைக் கதையில் அது அழகு. நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகச் சொல்லும் செய்தியில் அது பொய்யாகிவிடும். சுருக்கலாம், கூட்டக் கூடாது. பெற்றோர் விழிக்கும்வரை பால் கிண்ணத்துடன் நின்றவரைச் சில வாக்கியங்களில் சொல்லலாம். அடுத்தவரை, 'இறையச்சத்தால் ஒரு பாவத்தைக் கைவிட்டவர்' என்று சொல்லிக் கடக்கலாம். அவ்வயதினர்க்கு அது போதும்.

நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியது கூலியாளின் நிகழ்ச்சி. தானியத்தைக் கூலியாகப் பேசி வேலை செய்தவர், அதைப் பெறாமலேயே சென்றுவிட்டார். முதலாளி அத்தானியத்தை விதைத்துப் பெருக்கினார். அது மாடுகளாக வளர்ந்தது. நெடுநாள் கழித்து வந்தவர் தம் கூலியைக் கேட்டார். "அந்த மாடுகள் உம்முடையவை" என்றார் முதலாளி. "என்னைக் கேலி செய்யாதீர்" என்றார் அவர். கேலியில்லை, எல்லாவற்றையும் ஓட்டிச் சென்றார். கடலையும் மஞ்சளும் விளையும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கூலி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பாட்டு எப்போது? கதையின் நடுவே பாடினால் இழை அறுந்துவிடும். மூவரும் வெளியே நடந்ததைச் சொன்னதும் தலைவர் நிறுத்த வேண்டும். 'நடந்தார்கள்' என்பதே பாடுபவருக்கான குறிப்புச் சொல் என்று மாலையிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நாகூர் ஹனிபா பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' இவ்விடத்துக்குப் பொருந்தும்; குகைக்குள் நடந்ததும் அதுதானே. ஆனால் அவருடைய ஓங்கிய குரலின் சுருதியில் தொடங்கினால் பிள்ளைகளால் எட்ட முடியாமல் பாட்டு சிரிப்பில் முடியும். தாழ்ந்த சுருதியில், பல்லவியை மட்டும் இருமுறை பாடினால் போதும்.

பாட்டு அடங்கியபின் பாடம். அதுவும் ஒன்றே ஒன்று. மூன்று நற்செயல்கள் இருப்பதால் மூன்று பாடங்களையும் சொல்லிவிடும் ஆசை எழும். பெற்றோர், கற்பு, கூலி, அதற்கு மேல் தொழுகை, கைபேசி என்று உரை நீளும்போது முன்வரிசையில் குச்சியால் தணலைக் கிளறத் தொடங்குவார்கள். அதுவே உரை எல்லை கடந்துவிட்டதற்கான அடையாளம். "பிறருக்குரியது நம் கையில் இருந்தால், அவர் கேட்கும்போது தயங்காமல் கொடுத்துவிட வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்த வேண்டும். கதை எட்டு நிமிடம், பாட்டு இரண்டு நிமிடம், பாடம் ஒரு நிமிடத்துக்குள். பிறகு தீயை நீரூற்றி அணைத்துவிட்டு, பேச்சின்றிப் படுக்கைக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவு சிறிய உரையால் என்ன விளையும் என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகளிடம் மாடுகளோ மந்தையோ இல்லை. ஆனால் தோழனிடம் வாங்கிய பத்து ரூபாய் இருக்கும். இரவல் வாங்கிய டார்ச் விளக்கு இருக்கும். ஃபஜ்ருக்கு எழுந்ததும் அவற்றுள் ஒன்று உரியவரின் கைக்குத் திரும்பினால், உரை சென்று சேர்ந்துவிட்டது. முகாம் முடியும் நாளில் சமையல்காரரின் கூலியை, அவர் வந்து கேட்கும்வரை காத்திராமல், பிள்ளைகள் பார்க்க எண்ணிக் கொடுக்கும் தலைவர் அதே பாடத்தை இரண்டாம் முறை சொல்லாமலே சொல்லிவிடுகிறார். அதைத் தாமதிப்பவர் எத்தனை அழகாகக் கதை சொல்லியிருந்தாலும், பிள்ளைகள் அந்தத் தாமதத்தையே நினைவில் வைத்திருப்பார்கள்.