மூன்று வேளை மாத்திரையும் ரமலான் நோன்பும்

மருந்துச் சீட்டில் 1-0-1 என்றோ 1-1-1 என்றோ எழுதித் தருகிறோம். காலை, நண்பகல், இரவு என்று நாள் மூன்றாகப் பிரிந்திருக்கும் என்பதே அவ்வெண்களின் அடிப்படை. ரமலான் மாதத்தில் அந்த அடிப்படை மாறிவிடுகிறது. சஹர் உணவுக்குப் பின் மஃரிபு பாங்கு ஒலிக்கும்வரை நோன்பாளி மாத்திரையோ தண்ணீரோ உட்கொள்வதில்லை. ஆகவே மூன்று வேளை மாத்திரையை எப்படி மாற்றுவது என்பதை நோயாளியின் ஊகத்திற்கு விட்டுவிடாமல், மருத்துவரே நோன்பு தொடங்குமுன் எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நம் ஊர்களில் நோன்பு நேரம் ஏறத்தாழ 13 மணி. எஞ்சிய இரவு 11 மணி. இரண்டு வேளை மாத்திரைகளில் பலவற்றுக்கு இது பெரும் இடையூறன்று. ஒன்றை நோன்பு திறக்கும்போதும் மற்றொன்றை சஹரிலும் உட்கொண்டால், 12 மணி இடைவெளி ஓரிரு மணியே கூடிக் குறைகிறது. சிக்கல் மூன்று வேளை மாத்திரையில்தான் எழுகிறது. மாலை 6.15, இரவு 10.30, விடியற்காலை 4.45 என மூன்றையும் இரவுக்குள் அடக்கினால், இரவில் மருந்து நெருங்கிச் சேர்கிறது. பகலில் 13 மணி நேரத்துக்கு மேல் உடல் மருந்தின்றி இருக்கிறது. அமாக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லி மருந்து 8 மணிக்கு ஒருமுறை கொடுக்கப்படுவது, அதன் அளவு இரத்தத்தில் தாழ்ந்துவிடாதிருப்பதற்காகவே. இத்தகைய நிலையில் வேளையை நெருக்குவது தீர்வாகாது. நாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ உட்கொள்ளத்தக்க வேறு மருந்தைக் கேட்டுப் பெறுவதே தீர்வு.

நீரிழிவு மாத்திரைகளில் ஒரே சீட்டிலுள்ள இரண்டு மருந்துகளே இரு வேறு விதமாக மாறுகின்றன. மெட்ஃபார்மின் 500 மி.கி. மூன்று வேளையும், கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில் ஒரு வேளையும் உட்கொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மெட்ஃபார்மினில் நண்பகல் மாத்திரை மாலை மாத்திரையுடன் சேர்கிறது: நோன்பு திறந்து உண்டபின் 1000 மி.கி., சஹரில் 500 மி.கி. நாளின் மொத்த அளவு மாறுவதில்லை. தனித்து உட்கொள்ளும்போது இம்மருந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்துவது அரிதாதலால் இந்த மாற்றம் எளிது.

கிளிமிபிரைடு அப்படியன்று. அது உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. "காலை மாத்திரைதானே" என்று அதை சஹரில் விழுங்கினால், வயிறு வெறுமையாயிருக்கும் பகல் முழுவதும் அது வேலை செய்யும். பிற்பகலில் சர்க்கரை தாழக்கூடும். ஆகவே அது நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றப்படுகிறது. சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் உள்ளவருக்கு மருத்துவர் அளவையும் குறைக்கக்கூடும்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். இவற்றை நோன்பின் களைப்பென்று எண்ணிப் படுத்துவிடுவதே பெருந்தீங்கு. உடனே விரலில் குத்திச் சோதிக்க வேண்டும். அதனால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு. அளவு 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளி நோன்பை விட்டுப் பின்னொரு நாளில் நிறைவேற்ற மார்க்கமே இடமளிக்கிறது.

"நோன்பு வேண்டாம்" என்ற ஒரே சொல்லில் மருத்துவர் முடித்துவிடுவார் என்றஞ்சிப் பலர் நோன்பைப் பற்றிச் சொல்வதேயில்லை. அந்த அச்சத்தை அகற்றுவது எங்களைப் போன்றோரின் கடமை. அண்மை மாதங்களில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நீரிழிவுள்ள கர்ப்பிணிகள் ஆகியோரிடம் நோன்பைத் தவிர்க்குமாறு காரணத்துடன் கூறத்தான் வேண்டும். ஏனையோருக்கு மாத்திரையின் பெயர் பார்த்துப் புதிய அட்டவணை எழுதித் தர முடியும்.

அதற்கு ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன், ரஜப் மாதத்திலேயே, உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மாற்றிய அளவை ஓரிரு நாள் நோன்பிருந்து சோதித்துப் பார்க்கவும் அப்போது காலம் இருக்கும். பெருநாளுக்குப் பின் பழைய அட்டவணைக்கு எந்நாளில், எந்த அளவில் திரும்புவது என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்கிச் செல்லுங்கள்.