பாதிக்குப் பாதி

வீட்டில் இரண்டு பேருக்குள் தகராறு என்றால், சமாதானம் செய்ய வருகிறவர் யாராக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான்: "எதற்கு வீண் வம்பு? ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொள்ளுங்கள்!" உடனே எல்லோருக்கும் பெருமூச்சு வருகிறது. இருவரும் சமமாக விட்டுக்கொடுத்தாகிவிட்டது. ஒருவர் ஜெயித்தார், மற்றவர் தோற்றார் என்ற பேச்சுக்கு இடமில்லை. தனக்கு அது ஏன் வேண்டும் என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. கோளாறு இந்தக் கடைசி சௌகரியத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற ஒரு பெண்மணி இருந்தார். 1868-ல் பிறந்து 1933-ல் காலமானவர். மனிதர்கள் ஏன் சண்டையிடுகிறார்கள், சண்டையை எப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பதை ஊன்றிக் கவனித்தவர். 1925-ம் வருஷம் அவர் செய்த ஒரு பிரசங்கத்தில் மிகச் சாதாரணமான ஒரு சம்பவத்தைச் சொன்னார். ஹார்வர்டு சர்வகலாசாலைப் புத்தக சாலையில் ஒரு சின்ன அறை. உள்ளே இருந்த ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார். ஃபாலெட் அம்மையாருக்கோ அது மூடியிருக்க வேண்டும்.

நம் வீட்டுப் பஞ்சாயத்தாக இருந்தால் தீர்ப்பு என்ன? பாதி ஜன்னல் திறந்திருக்கட்டும்! கேட்பதற்கு வெகு நியாயம். ஆனால் பலனைப் பாருங்கள். பாதி திறந்த ஜன்னல் வழியாகவும் வாடைக் காற்று அம்மையாரின் மேல் அடிக்கும். மற்றவருக்குப் போதிய காற்றும் கிடைக்காது. இரண்டு பேருக்கும் அரைகுறை அவஸ்தைதான் மிச்சம்.

அவர்கள் செய்தது வேறு. ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அம்மையாருக்கு வேண்டியிருந்தது மூடிய அறை அல்ல. வாடைக் காற்று நேராகத் தம்மீது படக்கூடாது, அவ்வளவுதான். மற்றவருக்கு வேண்டியதும் அந்த ஜன்னல் அல்ல. அறைக்குள் கொஞ்சம் காற்று. இருவருக்கும் முழுசாகக் கிடைத்துவிட்டது. சண்டையைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு என்றார் ஃபாலெட். ஒருவர் மற்றவரை அடக்குவது ஒன்று, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது ஒன்று, இருவர் விருப்பத்தையும் இணைத்து முடிப்பது ஒன்று. நாம் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம்.

இதை நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். தாயார் காலமாகிவிட்டாள், அக்காள் தங்கை இருவர். பிரிக்க வேண்டியவை ஒரு ஜோடி குத்துவிளக்கும், ஒரு தையல் மெஷினும் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு ஜோடியின் மதிப்பு 8,000 ரூபாய். மெஷின் பழசு, விற்றால் 3,000 ரூபாய் வரும். அக்காளுக்குத் தை மாதத்தில் மகள் கல்யாணம். அம்மா ஏற்றிய விளக்கு மணமேடையில் இரு பக்கமும் நிற்க வேண்டும் என்று ஆசை. தங்கை வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். அவளுடைய மெஷின் பழுதாகிக் கிடக்கிறது.

ஆனால் மாமா பஞ்சாயத்துக்கு வந்து உட்கார்ந்தபோது இருவரும் இதைச் சொல்லவில்லை. "எனக்கு விளக்கும் வேண்டும், மெஷினும் வேண்டும்" என்றே இரண்டு பேரும் சொன்னார்கள். எப்படியும் பாதியாகத்தான் வெட்டப் போகிறார்கள், அதிகமாகக் கேட்டு வைத்தால்தானே பாதியாவது தேறும் என்ற எண்ணம். 'மெஷின் எனக்கு அவசியம் என்று தெரிந்தால் அக்கா பிகு செய்துகொள்வாளோ' என்று தங்கைக்கு உள்ளூரப் பயம் வேறு. பாதிக்குப் பாதி என்ற வழக்கமே மனத்தில் இருப்பதை மறைக்கச் சொல்லிக் கொடுக்கிறது, பாருங்கள்!

மாமா தீர்ப்புச் சொன்னார். ஆளுக்கு ஒரு விளக்கு. மெஷினை விற்று ஆளுக்கு 1,500 ரூபாய். ஒவ்வொருவர் பங்கும் 5,500, காலணா பிசகில்லை. ஆனால் அக்காள் கல்யாணத்துக்கு ஜோடி விளக்கை இரவல் வாங்க வேண்டும். தங்கை 1,500 ரூபாயோடு இன்னும் பல ஆயிரம் சேர்த்துப் புது மெஷின் வாங்க வேண்டும். ஜோடி பிரிந்த விளக்குகள் இரண்டு வீட்டுப் பரணிலும் ஒற்றையாகக் கிடக்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருந்தும் இருவருக்கும் நஷ்டம்.

மாமா பங்கு போடுவதற்கு முன்னால் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, "இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய், அம்மா? இரண்டில் ஒன்றுதான் உனக்கு என்றால் எதை எடுப்பாய்?" என்று கேட்டிருந்தால் போதும். விளக்கு ஜோடி அக்காளுக்கு, மெஷின் தங்கைக்கு என்று தானே விழுந்திருக்கும். மதிப்பில் வித்தியாசம் 5,000 ரூபாய். அதில் பாதியாகிய 2,500-ஐ அக்காள் தங்கைக்குக் கொடுத்துவிட்டால் அப்போதும் ஆளுக்கு 5,500 ரூபாய்தான். ஆனால் இப்போது விளக்கு மேடையில் நிற்கும், மெஷின் ஓடும். பாதி போடும் முறை தப்பில்லை. அது கடைசியில் வர வேண்டியது. நாம் அதை முதலிலேயே கொண்டுவந்து விடுகிறோம்.

சரி, இருவருக்குமே விளக்குதான் வேண்டும் என்றால்? அப்போதும் 'எதற்கு' என்று இன்னொரு முறை கேட்கலாம். ஒருத்திக்குக் கல்யாணத்துக்கு, மற்றவளுக்கு நவராத்திரிக்கு என்றால் விளக்கைப் பிரிக்க வேண்டாம்; மாதத்தைப் பிரித்தால் போதும். இருவரும் என்றென்றைக்கும் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவே ஆசைப்பட்டால் வேறு வழியில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருத்தி எடுத்துக்கொண்டு மற்றவளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதுதான். எல்லாச் சண்டையையும் இணைத்துத் தீர்த்துவிட முடியாது என்று ஃபாலெட்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே பெண்ணை இரண்டு பேர் மணக்க விரும்பினால் என்ன செய்வது என்று உதாரணமும் காட்டினார்!

வெறும் பணம் மட்டுமே என்றால் பாதிக்குப் பாதி நல்லதுதானே என்பீர்கள். சின்னத் தொகைக்கு நல்லதுதான். நேரமும் மனஸ்தாபமும் மிச்சம். ஆனால் நடு என்பது எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பழைய பீரோ ஒன்றுக்கு விற்கிறவர் 6,000 ரூபாய் கேட்கிறார். நீங்கள் 4,000 என்கிறீர்கள். நடுவில் 5,000. அதே மனிதர் கூசாமல் 8,000 என்று ஆரம்பித்திருந்தால் நடு 6,000 ஆகியிருக்கும். பீரோ அதேதான்! ஆகையால் "உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்று அவர் நடுவை நீட்டும்போது, அதே மாதிரிப் பீரோ வேறு இடத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை பங்கு போடும் சமயத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பாதியாக்கிய பிறகு அந்தப் பொருளை யாராவது உபயோகிக்க முடியுமா? ஒற்றை விளக்கையும் பாதி ஜன்னலையும் போல அது இருவருக்குமே உதவாது என்று தோன்றினால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு 'எதற்கு' என்று கேட்க வேண்டிய இடம் அதுதான்.